இன்னொரு நாற்காலியைக் கேட்பது

வேலை கேட்பதற்கு மதுரைக்காரர்களுக்கு நன்றாகப் பழகிய வழி ஒன்று உண்டு: வேறொருவரை விட்டுக் கேட்கச் சொல்வது. நேர்முகத்தில் கிடைக்கவில்லை என்று தெரிந்த அன்று சாயங்காலமே வீட்டில் பேச்சு ஆரம்பித்துவிடும். "அந்தக் கம்பெனில நம்ம மாமாவுக்குத் தெரிஞ்சவரு ஒருத்தரு இருக்காரு. ஒரு வார்த்தை போட்டு வைப்போம்." மாமா போன் போடுவார். இதில் யாருக்கும் கூச்சமில்லை. ஆனால் அதே பிள்ளையிடம், உன்னை நேரில் பார்த்துப் பேசிய ஆட்களுக்கே நாலு வரி எழுதி, 'இந்த இடம் இல்லையென்றால் சரி, உங்களிடம் காலியாக இருக்கும் அந்த இடத்துக்கு என்னைப் பார்ப்பீர்களா' என்று கேள் என்று சொல்லிப் பாருங்கள். முகம் சுருங்கிவிடும். வேண்டாம் என்று சொன்னவர்களிடமே திரும்பப் போய் நிற்பதா?

திருமங்கலம் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஆள் எடுக்கும் பக்கம் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது. மாமாவின் போன்தான் கெஞ்சல். அந்த நாலு வரி ஒரு விண்ணப்பம்.

இந்தக் கூச்சத்துக்கு மானம் மட்டும் காரணமில்லை என்று நினைக்கிறேன். நம் வீடுகள் அரசுத் தேர்வைப் பார்த்து வளர்ந்தவை. அங்கே யாரும் வாய்திறந்து கேட்க வேண்டியதில்லை. குரூப் 4 எழுதினால் தரவரிசைப்படி கலந்தாய்வுக்குக் கூப்பிடுவார்கள். இளநிலை உதவியாளர் இடம் தீர்ந்துவிட்டால் மிச்சமிருப்பதில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். குடிமைப் பணித் தேர்வில் ஐ.ஏ.எஸ். கிடைக்காதவரை, அவரே எழுதிக் கொடுத்த விருப்ப வரிசை ஐ.பி.எஸ்ஸுக்கோ வருவாய்ப் பணிக்கோ கொண்டுபோய்ச் சேர்க்கிறது. நேர்முகம் வரை போய்த் தேறாதவர்களின் மதிப்பெண்களை, அவர்கள் சம்மதித்தால், மற்ற நிறுவனங்கள் பார்க்கும்படி வெளியிடும் முறையை யு.பி.எஸ்.சி. 2018-இல் கொண்டுவந்தது. 'இங்கே இல்லையென்றால் வேறெங்கே' என்ற கேள்வியை அரசு படிவத்திலேயே அச்சடித்து வைத்திருக்கிறது.

தனியார் நிறுவனத்தில் அப்படி ஒரு படிவம் கிடையாது. அங்கே ஒவ்வொரு இடமும் தனிக் கோப்பு. எந்தப் பிரிவு, எந்த நிலை, எவ்வளவு சம்பளம், யாருக்குப் பதில் யார் என்று ஒப்புதல் வாங்கித்தான் ஆள் தேடவே ஆரம்பிப்பார்கள். டிசைன் பிரிவுக்காக வந்தவரை டிசைன் தலைவர் பார்ப்பார், மதிப்பீட்டுத் தாளில் குறிப்பெழுதிக் கையெழுத்திடுவார், கோப்பு மூடிவிடும். தாளின் அடியில் 'வேறு பிரிவுக்குப் பொருந்துவாரா' என்று ஒரு கட்டம் எங்கள் தாளிலும் இருந்தது. பெரும்பாலும் அது காலியாகவே திரும்பி வரும். எழுதுகிறவருக்குத் தன் இடம் நிரம்ப வேண்டும் என்பதுதான் கவலை. பக்கத்துப் பிரிவில் என்ன காலியாக இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். அந்தக் கட்டத்தை நிரப்ப ஒருவரால்தான் முடியும்: வந்துவிட்டுப் போனவர்.

ஒரு பெண் அப்படி நிரப்பியதைப் பார்த்திருக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கம் ஊர், மெக்கானிக்கல் படித்தவர். டிசைன் இடத்துக்கு வந்திருந்தார். ஒரு வார்ப்பு பிராக்கெட்டின் வரைபடத்தைக் கொடுத்து, கம்ப்யூட்டரில் மாடல் செய்யச் சொன்னோம். கொடுத்த நேரத்தில் பாதிதான் முடித்தார். ஆனால் செய்துகொண்டிருக்கும்போதே ஒரு கேள்வி கேட்டார். "சார், இந்தத் துளையோட இடத்தை வார்ப்பு முகத்துல இருந்து அளவு போட்டிருக்கீங்க. அந்த முகம் கடைஞ்சதில்லையே. பீஸுக்குப் பீஸ் அளவு மாறுமே, எத வச்சு இத சரி பார்ப்பீங்க?" டிசைன் தலைவர், அது பழைய வரைபடம் என்று சொல்லிக் கடந்துவிட்டார். கேள்வி நியாயமானது. மணலில் வார்த்த முகம் கரடுமுரடாகத்தான் இருக்கும். அதைத் தொட்டு அளக்கும்போது தொடும் இடத்தைப் பொறுத்தே அளவு மாறிவிடும். துளைக்கு அனுமதித்திருக்கும் விலகல் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு என்றால், அந்தப் பீஸ் நல்லதா கெட்டதா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அவருக்கு இடம் கிடைக்கவில்லை. தாளில் 'வேகம் போதாது' என்று எழுதியிருந்தது, அது உண்மையும்கூட. தகவல் போன மறுநாள் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. முதல் வரியில் நன்றி. இரண்டாவதில், மாடலிங் வேகத்தில் தான் பின்தங்கியதை ஏற்றுக்கொண்டார். மூன்றாவதில், உங்கள் அறிவிப்புப் பலகையில் தரக்கட்டுப்பாட்டில் ஓர் இடம் காலி என்று பார்த்தேன், அதற்கு என்னைப் பரிசீலிக்க முடியுமா என்று கேட்டிருந்தார். கடைசியாக, வரைபடத்தைப் படித்து எதை எப்படி அளப்பது என்று யோசிப்பதுதான் எனக்கு இயல்பாக வருகிறது, அந்தத் துளையைப் பற்றிக் கேட்டதை நேர்முகக் குழுவினர் நினைவில் வைத்திருப்பார்கள் என்று எழுதி, வெர்னியர், மைக்ரோமீட்டர், ஹைட் கேஜ் மூன்றையும் கல்லூரிப் பட்டறையில் கையாண்டிருப்பதைச் சேர்த்திருந்தார்.

நான் செய்ய வேண்டியிருந்தது அந்த மின்னஞ்சலைத் தரக்கட்டுப்பாட்டுத் தலைவருக்கு அனுப்பி, டிசைன்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று சொல்வது மட்டும்தான். மூன்று நிமிட வேலை. அவர் கேட்டார். "ஆமா, அந்தப் பொண்ணு டிராயிங் நல்லாப் படிக்கும்" என்று பதில் வந்தது. கூப்பிட்டுப் புதிதாக ஒரு நேர்முகம் வைத்தார்கள். முதல் பீஸை எப்படிச் சோதிப்பது என்பதைப் பற்றியே முழுக்கப் பேசினார்கள். எடுத்துக்கொண்டார்கள்.

இந்த மின்னஞ்சல் ஏன் பலித்தது என்று யோசித்தால் இரண்டு காரணம் தெரிகிறது. ஒன்று, அவர் கேட்ட இடத்துக்கு அவருடைய குறை பொருட்டில்லை. மாடலிங் வேகம் குறைந்தவர் அளக்கிற வேலையில் தடுமாறப் போவதில்லை. பேச்சு வரவில்லை என்று விற்பனைப் பிரிவில் கழித்த ஒருவர் அடுத்த வாரமே வாடிக்கையாளர் சேவைக்குக் கேட்டால், அதே சுவரில்தான் திரும்பவும் முட்டுவார். இரண்டு, சாட்சி ஏற்கெனவே அந்த அறையில் இருந்தது. அவர் தன்னைப் பற்றிப் புதிதாக எதையும் நம்பச் சொல்லவில்லை. நீங்கள் பார்த்ததையே இன்னொரு பக்கமிருந்து பாருங்கள் என்றார். மறுநாளே எழுதியதன் பலனும் இதுதான். இரண்டு வாரம் போயிருந்தால் அந்தத் துளை யார் நினைவிலும் இருந்திருக்காது.

எனக்கு அதிகமாக வந்த கடிதங்கள் வேறு மாதிரியானவை. 'எந்த வேலையாக இருந்தாலும் சரி சார்.' எழுதுகிறவர் இதைப் பணிவு என்று நினைக்கிறார். படிக்கிறவருக்கு அது ஒரு வேலைச்சுமை: எங்கே காலி, இவருக்கு எது பொருந்தும், யாரிடம் பேசுவது, எல்லாவற்றையும் அவரே கண்டுபிடிக்க வேண்டும். பத்து இடங்களுக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பவர் அதைச் செய்யமாட்டார். கூடவே ஒரு சந்தேகமும் வரும். எதுவானாலும் சரி என்பவர் நாளை வேறு எதுவோ கிடைத்தால் போய்விடுவாரே. இன்னும் சிலர் உள்ளே நுழைந்துவிட்டு ஆறு மாதத்தில் டிசைனுக்கு மாறிக்கொள்ளலாம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக் கேட்பார்கள். தரக்கட்டுப்பாட்டுத் தலைவர் முதலில் கேட்கும் கேள்வியே அதுதான், "இங்க இருப்பீங்களா?" அப்படி எண்ணம் இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது. உள்மாற்றத்துக்கு ஒரு குறைந்தபட்சக் காலத்தைப் பல நிறுவனங்கள் விதியாகவே வைத்திருக்கின்றன, அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

கேட்பதற்கு முன், கிடைத்த 'இல்லை' எந்த வகை என்று பார்க்க வேண்டும். அப்துல் கலாமின் கதையை நம் பள்ளி விழாக்களில் தோல்வியைத் தாண்டிய கதையாகச் சொல்வார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது எண்கள். 1958-இல் டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குப் போன 25 பேரில் அவர் ஒன்பதாவதாக வந்தார். இருந்த இடங்கள் எட்டு. அந்த 'இல்லை' இடத்தின் கணக்கு. அதற்குமுன் டெல்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்ப இயக்குநரகத்திலும் அவர் நேர்முகத்துக்கு உட்கார்ந்திருந்தார். ரிஷிகேஷ் வழியாக டெல்லிக்குத் திரும்பியவர், அந்த இயக்குநரகத்துக்கு நேரில் போய், என் நேர்முகம் என்ன ஆயிற்று என்று விசாரித்தார். நியமனக் கடிதத்தைக் கையில் கொடுத்தார்கள். அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய். அவர் தட்டியது வேறொரு கதவுதான், ஆனாலும் போய்க் கேட்டார் என்பதை மேடைப் பேச்சுகள் விட்டுவிடுகின்றன.

இடம் போதாத 'இல்லை', அந்த இடத்துக்கான ஒரு திறமை போதாத 'இல்லை', இந்த இரண்டிலும் கேட்கலாம். எல்லாப் பிரிவுக்கும் பொதுவான முதல் சுற்றுத் தேர்விலேயே கழிந்திருந்தால் வேறு பிரிவு கேட்டுப் பயனில்லை, அந்தச் சுற்று எல்லா வாசலிலும் நிற்கிறது. ஆறு மாதம் கழித்து விண்ணப்பியுங்கள் என்று எழுதியிருந்தால் பெரும்பாலும் அது நிறுவனம் முழுவதற்குமான விதி. விண்ணப்பத்தில் சொன்னது பொய் என்று தெரிந்து கழித்திருந்தால் அதோடு முடிந்தது. எந்த வகை என்று தெரியவில்லையா, எந்தச் சுற்றில் நின்றோம் என்பதே பாதி விடை. பிரிவுத் தலைவர் வரை போய் நின்றவருக்குக் கேட்க இடமிருக்கிறது. மாமாவின் போனால் இந்த வேறுபாட்டை அறிய முடியாது. அவர் அந்த அறையில் இல்லை, துளையைப் பற்றிய கேள்வி அவருக்குத் தெரியாது. அவரால் சொல்ல முடிந்தது 'நம்ம பையன்' என்பது மட்டுமே.

கடைசியாக ஒன்று, இது நமக்கு நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது. தரக்கட்டுப்பாட்டு விளம்பரம் மட்டும் முதலில் வந்திருந்தால், டிசைன் இடமே இல்லாதிருந்தால், நான் விண்ணப்பித்திருப்பேனா? ஆம் என்றால், அது இறங்கிப் போய்க் கேட்பது ஆகாது. அந்த வேலைக்கு ஒரு நாள் தாமதமாக விண்ணப்பிக்கிறோம், அவ்வளவுதான். இல்லை என்றால், அந்தக் கடிதத்தை எழுதாமல் இருப்பதே இரு பக்கத்துக்கும் நல்லது, ஏனென்றால் கிடைத்துவிட்டால் தினமும் காலையில் எழுந்து அந்த வேலைக்குத்தான் போக வேண்டும். எழுதிய பிறகு பதில் வராமலும் போகலாம். ஒரு வாரம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்கும் இல்லை என்றால் அந்த நிறுவனத்தை விட்டுவிட்டு அடுத்த விளம்பரத்தைப் பார்ப்பதுதான் முறை. இரண்டாவது 'இல்லை' இந்த இடம், அந்த இடம் என்று பிரித்துப் பேச எதையும் மிச்சம் வைப்பதில்லை.