பதில் மடலில் ஒரு மனச்சான்று

வீட்டைக் காலி செய்யச் சொல்லும் அறிவிப்பு இன்று பெரும்பாலும் கைப்பேசியில் நிழற்படமாகவே வந்து சேர்கிறது. உரிமையாளர் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பிவிடுகிறார். அதைப் படித்த குடித்தனக்காரர் என்ன பதில் எழுதவேண்டும் என்பது சட்டக் கேள்வியாகத் தோன்றினாலும், அடிப்படையில் அது அறக்கேள்வியே.

ஒரு குடும்பத்தை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மாத வாடகை 9,000 ரூபாய். முன்பணம் 50,000 ரூபாய். டிசம்பர் 3ஆம் நாள் அறிவிப்பின் படம் வருகிறது. மகளைக் குடியமர்த்த வீடு தேவைப்படுவதால் டிசம்பர் 31க்குள் காலி செய்யவேண்டும் என்கிறது அது. படத்தின் அடிப்பகுதி வெட்டுப்பட்டிருப்பதால் கையொப்பம் தெரியவில்லை. அக்குடும்பத்தின் மகனோ பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான்.

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம், 106ஆம் பிரிவில், மாத வாடகைக் குடித்தனத்தை முடிக்கப் பதினைந்து நாள் அறிவிப்பு வேண்டும் என்கிறது. அது எழுத்தில் இருக்கவேண்டும். கொடுப்பவரின் கையொப்பமும் வேண்டும். தமிழகத்தில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் வாடகைச் சட்டமோ, எழுத்து உடன்படிக்கையை வற்புறுத்துவதோடு, வெளியேற மறுப்பவரை வெளியேற்ற வாடகை நீதிமன்றத்தின் ஆணையையும் வேண்டுகிறது. ஆகவே கையொப்பம் தெரியாத ஒரு படத்தைக் காட்டி எவரையும் மறுநாளே தெருவில் நிறுத்திவிட முடியாது.

இங்கேதான் சோதனை எழுகிறது. "அறிவிப்பு ஏதும் எனக்கு வரவில்லை" என்று வாளாவிருக்கலாமா? படித்ததைப் படிக்கவில்லை என்பது பொய். கையொப்பம் வேண்டும் என்ற விதி, பின்னாளில் இருவரில் எவரும் சொன்ன சொல்லை மறுக்கக்கூடாது என்பதற்காகவே ஏற்பட்டது. மறுப்பதற்கு அவ்விதியையே கருவியாக்குவது அதன் நோக்கத்தைக் கவிழ்ப்பதாகும். நம்மை நாமே சோதிக்க ஓர் எளிய கேள்வி உண்டு: முறைப்படி கையொப்பமிட்ட மடல் நாளையே வந்தால் நம் பதில் மாறுமா? மாறாதெனில், குறையுள்ள படம் நமக்கு உண்மைக் காரணம் அன்று, சாக்கு மட்டுமே.

அதற்காக உரிமையைத் துறந்துவிட வேண்டும் என்பதுமில்லை. பதிலில் மூன்றைப் பிரித்தறிந்தால் போதும். நடந்தது உண்மை, அதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்ளவேண்டும். நீதிமன்ற வழி உரிமை. அதை மிரட்டலாக்காமல் காத்துக்கொள்ளலாம். மகனின் தேர்வு நம் தேவை. அதை உரிமைபோல் அதட்டிக் கேளாமல் வேண்டுகோளாகவே வைக்கவேண்டும். உரிமையாளரின் மகளுக்கு வீடு வேண்டும் என்பதும் ஒரு தேவையே அல்லவா?

அக்குடும்பம் இவ்வாறு எழுதலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, தாங்கள் அனுப்பிய அறிவிப்பின் படம் டிசம்பர் 3 அன்று கிடைத்தது, படித்தோம். அதன் அடிப்பகுதி தெரியவில்லை. கையொப்பமிட்ட முழு மடலை அனுப்பி உதவுக. தங்கள் மகளின் தேவையை உணர்கிறோம். எங்கள் மகனுக்கு ஏப்ரல் வரை பொதுத்தேர்வு இருப்பதால், ஏப்ரல் 30 வரை தவணை தருமாறு வேண்டுகிறோம். அதுவரை மாதந்தோறும் வாடகையைத் தவறாமல் செலுத்துவோம். நவம்பர் வரை பாக்கியில்லை. சாவியை ஒப்படைக்கும் நாளில், வீட்டைச் சேர்ந்து பார்வையிட்டு, முன்பணம் 50,000 ரூபாயில் உரிய கழிவு போக மீதியைத் தந்துதவுக. இத்தவணை தங்களுக்கு இயலாதெனில், இயன்ற நாளைத் தெரிவியுங்கள். பேசி முடிவு செய்வோம்."

இம்மடலில் இல்லாத ஒன்றைக் கவனிக்கவேண்டும். "இனி வாடகையை முன்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்" என்ற வரி அதில் இல்லை. பலர் இப்படிச் செய்துவிடுகிறார்கள். முன்பணம் திரும்பாது என்ற அச்சமே காரணம். ஆனால் ஐந்து மாத வாடகை 45,000 ரூபாய். அதைக் கழித்தால் உரிமையாளர் கையில் 5,000 ரூபாயே ஈடாக மிஞ்சும். பழுதுக்கும் மின்கட்டணத்துக்கும் அது போதாமற் போகலாம். மேலும், அவர் இசையாதபோது வாடகையை நிறுத்தினால், வாடகைப் பாக்கி என்ற புதிய காரணத்தை நாமே அவர் கையில் கொடுத்தவராவோம். முன்பணத்தைப் பற்றிய அச்சம் நியாயமானதே. அதற்கு மருந்து, தொகையை எழுத்தில் குறிப்பிட்டு அவரது ஒப்புதலைப் பெறுவதுதான்.

ஏப்ரல் 30 என்று எழுதுவது காலத்தைக் கடத்தும் தந்திரமாகவும் மாறிவிடலாம். உண்மையில் போக எண்ணமுண்டா என்பதை, மடல் போன பின் வரும் வாரங்கள் காட்டிவிடும். வேறு வீடு தேடத் தொடங்கியிருந்தால் அது வாக்குறுதி; தேடாமலே இருந்தால் அது வெறும் தவணைச் சொல். அறிவிப்பு படமாக வந்தாலும், பதிலைத் தாளில் எழுதிக் கையொப்பமிட்டு, ஒரு படியை நம்மிடம் வைத்துக்கொண்டு, விரைவஞ்சலில் அனுப்புவது நன்று. அவரிடம் எதிர்பார்க்கும் கையொப்பத்தை முதலில் நாம் இடுவதே முறை.