'பண்ணிடலாம்' என்றால் யார்?

எங்கள் அலுவலகக் குழுவில் ஒரு திங்கட்கிழமை, 11ஆம் தேதி காலை நடந்த உரையாடல் இது. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

கவிதா: சைட் சர்ட்டிஃபிகேட் 14ஆம் தேதியோட முடியுது. ரினியூ பண்ணணும்.
பிரபு: ஆமா, வெண்டர்கிட்ட சொல்லியாச்சு.
ஹரி: ஓகே, நான் பாக்குறேன்.
கவிதா: சூப்பர். போட்டதும் ஆப்பையும் ஒரு தடவை செக் பண்ணிடலாம்.

கீழே மூன்று கட்டைவிரல்கள். அதில் ஒன்று என்னுடையது.

மேலோட்டமாகப் படித்தால் வேலை நடந்துகொண்டிருப்பதாகத் தோன்றும். வினைச்சொற்களின் வால்களை மட்டும் பாருங்கள். செய்தேன், செய்வார், செய்வோம் என்று தமிழில் வினையின் விகுதியே ஆளைக் காட்டிவிடும். ஆனால் 'ணும்', 'லாம்', 'யாச்சு' ஆகிய மூன்றும் ஆளைக் காட்டுவதில்லை. 'பண்ணணும்' என்றால் யார் பண்ணணும்? 'சொல்லியாச்சு' என்றால் சொன்னது பிரபுவா, வேறு யாராவதா? என்ன சொன்னார்கள்? விலை கேட்டார்களா, பணமே கட்டிவிட்டார்களா? 'செக் பண்ணிடலாம்' என்பதில் எல்லோரும் இருக்கிறார்கள், அதனால் ஒருவரும் இல்லை.

நான்கு வரியில் தன்னைச் சொல்லிக்கொண்டவர் ஹரி மட்டும்தான். அங்கேயும் ஒரு பள்ளம் இருக்கிறது. 'பாக்குறேன்' என்பது கண்ணால் பார்ப்பதா, வேலையைப் பார்ப்பதா? அலுவலகத் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். சொன்னவர் முதல் பொருளில் சொல்வார், கேட்டவர் இரண்டாவதை எடுத்துக்கொண்டு நிம்மதியாகிவிடுவார்.

ஆள் தெரியாத வினைகளைக் குறித்துக்கொண்ட பிறகு, வேலையை அதன் உண்மையான படிகளாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். புதுச் சர்ட்டிஃபிகேட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். டொமைன் நம்முடையதுதான் என்று நிரூபிக்க, வெண்டர் தரும் ஒரு வரியை டி.என்.எஸ். பதிவில் சேர்க்க வேண்டும். சர்ட்டிஃபிகேட் வந்ததும் சர்வரில் ஏற்ற வேண்டும். பிறகு பிரவுசரிலும் மொபைல் ஆப்பிலும் சோதிக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் எதிரே உரையாடலிலிருந்து ஒரு பெயரை எழுதிப் பார்த்தேன். விண்ணப்பத்துக்குப் பிரபு, அதுவும் அரைகுறையாக. ஏற்றுவதற்கு ஹரி, கேள்விக்குறியோடு. சோதனைக்கு ஆளில்லை. டி.என்.எஸ். பற்றி யாருமே பேசவில்லை. அதன் பாஸ்வேர்டு என்னிடம்தான் இருந்தது!

கெடு தேதியும் வழுக்கியது. வெண்டர் மெயிலில் இருந்தது 14ஆம் தேதி 23:59:59, யூ.டி.சி. நேரம். நமக்கு அது 15ஆம் தேதி காலை 5:29:59. விடிந்து எல்லோரும் எழும்போது சைட் எச்சரிக்கைப் பக்கமாக மாறியிருக்கும்.

"யார் பண்றீங்க?" என்று குழுவில் கேட்டிருக்கலாம். அந்தக் கேள்விக்கு மௌனம்தான் பதிலாக வரும். கேள்வியில் ஒரு குற்றச்சாட்டின் வாடையும் உண்டு. நான் எழுதியது இது:

"சர்ட்டிஃபிகேட் விஷயம் எனக்குப் புரிஞ்ச வரைக்கும் எழுதறேன், தப்பா இருந்தா திருத்துங்க. பிரபு, டி.என்.எஸ்.ல போட வேண்டிய வரியை வெண்டர்கிட்டேருந்து இன்னிக்கு மதியம் 2க்குள்ள வாங்கித் தர முடியுமா? வந்ததும் நான் 5க்குள்ள சேர்த்துடறேன். ஹரி, சர்வர்ல ஏத்தி, பிரவுசர்ல புது தேதி தெரியற வரைக்கும் நீங்க பாத்துக்கறீங்களா? புதன் மாலை 4க்குள்ள முடிஞ்சா நல்லது. அதுக்கப்புறம் பழைய ஆண்ட்ராய்டு போன்ல ஆப் திறக்குதான்னு நான் பாத்து இங்கயே சொல்றேன். ரெண்டு பேரும் ஆமா, இல்லைன்னு ஒரு வரி எழுதிடுங்க."

முதல் வரி, தவறாகப் புரிந்துகொண்ட பழியை என் தலையில் ஏற்றுகிறது. அதனால் மறுப்பது எளிதாகிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஒரே ஒரு பெயர், ஒரு நேரம். 'புது தேதி தெரியற வரைக்கும்' என்பது வேலை எங்கே முடிகிறது என்று கண்ணுக்குக் காட்டுகிறது. 'ஏத்திடுங்க' என்று மட்டும் எழுதியிருந்தால், ஃபைலை சர்வரில் வைத்துவிட்டு வெப் சர்வரை ரீலோட் செய்யாமல் போய்விடலாம், பழைய சர்ட்டிஃபிகேட்டே ஓடிக்கொண்டிருக்கும். கடைசியில் கட்டைவிரல் போதாது என்பதையும் மரியாதையாகச் சொல்லியாயிற்று.

பத்து நிமிடத்தில் ஹரி எழுதினார்: "நான் வெண்டர் மெயிலைப் பாக்குறேன்னுதான் சொன்னேன். சர்வர் ஆக்சஸ் எனக்கு இல்லையே." ஏற்றும் வேலையைப் பிரபு எடுத்துக்கொண்டார். பதில் 'இல்லை' என்று வந்தாலும் இப்படிப்பட்ட செய்தி தன் வேலையைச் செய்துவிடுகிறது. பதிலே வராவிட்டால் அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாமல் போன் செய்துவிடுவது என் வழக்கம்.

புதன் 3:40க்குப் புதுச் சர்ட்டிஃபிகேட் ஏறியது. பிரவுசரில் எல்லாம் சரி. பழைய ஆண்ட்ராய்டு போனில் ஆப் திறக்கவில்லை. இடைநிலைச் சர்ட்டிஃபிகேட்டை சர்வரில் சேர்க்க விட்டுப்போயிருந்தது. பல பிரவுசர்கள் அதைத் தாமே தேடி எடுத்துச் சமாளித்துவிடும், ஆப்கள் பெரும்பாலும் அப்படிச் செய்வதில்லை. பிரபு இருபது நிமிடத்தில் சரிசெய்தார். அந்தப் போனை எடுத்துத் திறந்து பார்க்கும் வேலை என் பெயரில் இருந்தது.