கழித்தல் குறிக்கு எத்தனை மதிப்பெண்?

பதினோராம் வகுப்புத் தேர்வுக்கு நான் கொடுத்த கணக்கு எளிமையானது. 100 டிகிரி செல்சியசில் இருக்கும் 200 கிராம் உலோகத் துண்டு ஒன்றை, 30 டிகிரியில் இருக்கும் 100 கிராம் நீரில் போடுகிறோம். இரண்டும் 41.2 டிகிரியில் ஒன்றாகின்றன. நீரின் தன் வெப்ப ஏற்புத்திறன் 4200. கலோரிமானி உறிஞ்சும் வெப்பத்தை விட்டுவிட்டு, உலோகத்தின் தன் வெப்ப ஏற்புத்திறனைக் காண வேண்டும். நீர் 11.2 டிகிரி ஏறியதால் அது வாங்கிய வெப்பம் 4704 ஜூல். உலோகம் 58.8 டிகிரி இறங்கியிருக்கிறது. வகுத்தால் 400. ஏறக்குறைய செம்பு.

இதில் பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்றே ஒன்று. ‘இழந்த வெப்பம் = பெற்ற வெப்பம்’ என்று எழுதிவிட்டு, இரண்டு பக்கமும் ‘இறுதி வெப்பநிலை கழித்தல் தொடக்க வெப்பநிலை’ என்று போடுகிறார்கள். நீருக்கு 11.2 வருகிறது. உலோகத்துக்கு −58.8. விடை −400.

இதைக் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. மாற்றம் என்றால் எப்போதும் இறுதியிலிருந்து தொடக்கத்தைக் கழி என்று சொல்லிக்கொடுத்தது நாங்கள்தான். இழந்தது பெற்றதற்குச் சமம் என்று சொன்னதும் நாங்கள்தான். முதல் வழியில் கழித்தல் குறி கணக்குக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே இரண்டு வெப்பத்தையும் கூட்டினால் பூஜ்யம் என்று எழுத வேண்டும். இரண்டாவது வழியில் ‘இழந்த’ என்ற சொல்லே அந்தக் குறியைச் சுமந்துவிடுகிறது. அங்கே பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால் போதும். இரண்டையும் விசுவாசமாகப் பின்பற்றிய பிள்ளைதான் மாட்டிக்கொள்கிறது. எதையும் யோசிக்காமல் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்த பிள்ளை தப்பித்துவிடுகிறது.

திருத்தும்போது என்னை நிறுத்தியவை இரண்டு விடைத்தாள்கள். இரண்டிலும் பிரதியிடல் ஒன்றே. ஒன்றில் −58.8 என்று தெளிவாக எழுதி, அடுத்த வரியில் எந்த விளக்கமும் இல்லாமல் 400 என்று முடித்திருந்தது, அலகும் சரி. இன்னொன்றில் −400 என்றே விடப்பட்டு, பக்கத்தில் சிறிய கேள்விக்குறி ஒன்று. விடைக்குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் முதல் தாளுக்குத்தான் கூடுதல் மதிப்பெண்.

இந்தக் கணக்கில் 400 என்ற அளவு எப்படியும் சரியாக வந்துவிடுவதால், குறியைத் தட்டிவிடுவது எளிது. அதே எண்களை வைத்துக் கேள்வியை மட்டும் திருப்பிப் பாருங்கள். உலோகத்தின் மதிப்பு 400 என்று கொடுத்து, இறுதி வெப்பநிலையைக் கேட்போம். சரியான சமன்பாடு 80(100 − T) = 420(T − 30); T = 41.2. குறி மாறினால் 80(T − 100) = 420(T − 30) ஆகிறது; T ஏறத்தாழ 13.5. கொதிநீரிலிருந்து எடுத்த உலோகத்தைப் போட்டதும் நீர் 30 டிகிரியிலிருந்து 13.5க்குக் குளிர்ந்துவிட்டது என்று பொருள்! இங்கே கழித்தல் குறி எதுவும் கண்ணில் படாது, அழிப்பதற்கும் ஒன்றுமில்லை. இறுதி வெப்பநிலை இரண்டு தொடக்க வெப்பநிலைகளுக்கும் நடுவில்தான் இருக்க முடியும் என்று நிறுத்திப் பார்க்கிற பழக்கம் ஒன்றுதான் காப்பாற்றும். முதல் கணக்கில் குறியை அழிக்கப் பழகிய கைக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்?

முத்தாண்டிக்குப்பத்தில் இருந்துகொண்டு குறியின் பொருளை விளக்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. பக்கத்தில் நெய்வேலியில் வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரியின் எரிதிறனை அளப்பதும் கலோரிமானியில்தான். ஒரு கிராம் அளவு மாதிரியை, ஆக்சிஜன் அடைத்த எஃகுக் கலனுக்குள் வைத்து, கலனை நீரில் அமிழ்த்தி எரிக்கிறார்கள். நீர் ஏறுவது சில டிகிரிதான். அந்த ஏற்றத்திலிருந்தே எரிதிறனைக் கணக்கிடுகிறார்கள். நீரின் பக்கம் நின்றால் அந்த வெப்பம் கூட்டல். வேதியியல் ஆசிரியர் எரிதலின் பக்கம் நின்று அதையே கழித்தலாக எழுதுவார். வெப்பம் ஒன்றுதான், யார் கணக்கில் எழுதுகிறோம் என்பதைக் குறி சொல்கிறது. இதை வகுப்பில் சொன்னபோது, அதுவரை சூத்திரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி, “அப்ப உலோகத்தோட கணக்குல கழித்தல் வர்றது தப்பே இல்லையே சார்?” என்று கேட்டாள். தப்பில்லைதான். சமன்பாட்டின் மறுபக்கம் அதை மதிக்காமல் இருப்பதுதான் தப்பு.

கடைசியில் நான் இப்படிப் போட்டேன். சூத்திரத்துக்கும் பிரதியிட்ட எண்களுக்கும் இருவருக்கும் மதிப்பெண். குறிப் பிழைக்கு இருவருக்கும் ஒரே ஒருமுறை குறைத்தேன். −400 என்று விட்ட தாளில், அந்தப் பிழையிலிருந்து ஒழுங்காகப் பின்தொடர்ந்து வந்த விடை என்பதால் விடைக்கான மதிப்பெண்ணைக் கொடுத்தேன். 400 என்று முடித்த தாளில் கொடுக்கவில்லை. மேல் வரியிலிருந்து அந்த எண் வரவில்லை. அந்தப் பிள்ளை தாளோடு வந்து, விடை சரியாகத்தானே இருக்கிறது என்று கேட்டது. −58.8ஐ வட்டமிட்டு, இதற்கு அடுத்த வரியை இப்போது எழுது என்றேன்.