கை ஓடுற படம்

என் பெரியம்மா மேகமலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். 58 வயதில் அவருக்கு வேலை முடிந்தது. அந்த மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னமனூரில் பஸ் ஏறி, 18 கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி அவரைப் பார்க்கப் போனேன். போன கையோடு செல்போனை எடுத்துக்கொண்டு பின்னாலேயே சுற்றினேன். மொத்தம் 40 படம் எடுத்திருப்பேன். 39 படத்தில் பெரியம்மா நிற்கிறார். ஒரு படத்தில் மட்டும் அவர் நிற்கவில்லை. அந்த ஒன்று கலங்கலாக இருக்கிறது.

கீழே வந்து பார்த்தபோது அந்தக் கலங்கல் படம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. மற்றவற்றில் அவர் பீரோவில் இருந்து எடுத்த மடிப்புக் கலையாத சேலையில், கையைத் தொங்கப்போட்டு, அடையாள அட்டைக்கு நிற்பதுபோல் விறைத்து நின்றார். இதில் தேயிலைத் தூர்களுக்கு நடுவில், தலையில் துண்டு, இடுப்பில் சாக்கு, பாதி திரும்பிய உடம்பு, அகலத் திறந்த வாய். கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பழுப்புத் தீற்றல். பின்னால் பனிமூட்டம். எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நான் வேலை பார்க்கும் கல்லூரியில் மகளிர் தினத்துக்கு மாணவிகள் வைத்த கண்காட்சியில் அதைப் பெரிதாக அச்சிட்டு மாட்டினேன். கீழே கேப்ஷன்: ‘மேகமலையின் சிரிப்பு’.

மாணவிகளுக்குப் படம் மிகவும் பிடித்தது. ‘எவ்ளோ இயல்பா இருக்காங்க மிஸ்’ என்றார்கள். நானும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் நாள் பெரியம்மாவையே அழைத்து வந்து படத்துக்கு முன்னால் நிறுத்தினேன். அவருக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். கூட்டிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் எங்கத்தா சிரிச்சேன்? உன் கால்ல அட்டை ஏறுச்சு. ‘ஏ பிள்ள, கால உதறு’ன்னு கத்துறேன். நீ போனத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிற.”

அன்று பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் சாக்ஸ் நனைந்திருப்பதைப் பார்த்தேன். அட்டை கடிப்பது தெரியாது. கடித்த இடம் மரத்துப்போகும், ரத்தமும் உறையாமல் வெகுநேரம் கசியும். அவர் எச்சரித்த அந்த நொடியைத்தான் நான் சிரிப்பு என்று சுவரில் மாட்டியிருந்தேன்.

இதைச் சின்னத் தவறு என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு முடியவில்லை. தெளிவான படமாக இருந்திருந்தால் இந்தத் தவறு நடந்திருக்காது. புருவம் சுருங்கியிருப்பது தெரிந்திருக்கும், கண் என் காலைப் பார்ப்பது தெரிந்திருக்கும். கலங்கல் இவற்றையெல்லாம் அழித்துவிட்டு, திறந்த வாயை மட்டும் மிச்சம் வைத்தது. மிச்சத்தை நான் நிரப்பினேன். மலை, பனி, உழைக்கும் பெண், சிரிப்பு. எங்கோ பார்த்த தேயிலை விளம்பரத்தில் இருந்து எடுத்து நிரப்பியிருக்கிறேன் என்பது இப்போது புரிகிறது.

படம் கலங்குவதற்குக் காரணங்கள் உண்டு, அவை படத்திலேயே எழுதியிருக்கும். எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் எடுத்தவரின் கை ஆடியிருக்கிறது. எதுவுமே கூர்மையாக இல்லாமல், இழுபட்ட திசையும் இல்லாமல் மொழுக்கென்று இருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. வெளிச்சமான இடங்களைச் சுற்றி வட்டம் போட்டதுபோல் படர்ந்திருந்தால் லென்ஸில் ஈரம் கோத்திருக்கிறது. மேகமலையில் இது சாதாரணம். சுற்றியிருப்பவை கூர்மையாக இருந்து ஒன்று மட்டும் கலங்கியிருந்தால், அந்த ஒன்று அசைந்திருக்கிறது. பெரியம்மாவின் படம் இந்தக் கடைசி வகை. முன்னால் இருக்கும் இலைகளின் நரம்பு வரை தெரிகிறது. கலங்கியிருப்பது அவர் முகமும் கையும்தான்.

போனில் அந்தப் படத்தின் விவரத்தைத் திறந்தால் 1/20 என்று காட்டுகிறது. அதாவது ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரம் ஒளியை உள்ளே விட்டிருக்கிறது. நல்ல வெயிலில் போன் அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ளாது. மூன்று மணிக்கே பனி இறங்கி இருட்டிவிட்டதால் அதற்கு வேறு வழியில்லை. கொழுந்து பறிக்கும் கை நொடிக்கு ஒரு மீட்டர் நகர்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இருபதில் ஒரு பங்கு நேரத்தில் ஐந்து சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். மூன்று விரல் அகலம். நான் பார்த்த பழுப்புத் தீற்றல் அந்த ஐந்து சென்டிமீட்டர்தான். என்னைப் பார்த்துக் கத்தும்போதும் அவர் கை பறிப்பதை நிறுத்தவில்லை.

பெரியம்மாவும் இதைத்தான் கவனித்தார். கேப்ஷனைத் திட்டி முடித்த பிறகு படத்துக்குக் கிட்டே போய், அந்தத் தீற்றலின் மேல் விரலை வைத்தார். “இது மட்டும் சரியா விழுந்திருக்கு. கை ஓடுறது தெரியுதில்ல?” என்றார். காலையில் அவரைக் கொழுந்தில் கைவைத்து நிற்கச் சொல்லியும் ஒரு படம் எடுத்திருந்தேன். அதைக் காட்டியபோது உதட்டைப் பிதுக்கினார். “இப்படிப் பிடிச்சுக்கிட்டு நின்னா எப்ப சாக்கு நெறையும்?” எடை போட்டுக் கூலி கணக்கிடும் வேலையில் நின்றுபோன கை என்பது பொய்தான். நானும் அவரும் ஒரே படத்தை நல்ல படம் என்றோம். நான் முகத்துக்காகச் சொன்னேன், அவர் கைக்காகச் சொன்னார். என் காரணம் தப்பு.

கலங்கலுக்கு அடுத்தவர் காரணம் எழுதுவது புதிதல்ல. 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கடற்கரையில் ராபர்ட் கப்பா எடுத்த போர்ப் படங்களை ‘லைஃப்’ இதழ் அதே மாதம் வெளியிட்டபோது, அந்த நேரத்தின் பரபரப்பில் புகைப்படக்காரர் கேமராவை ஆட்டிவிட்டார் என்ற பொருளில் கீழே எழுதியது. கப்பாவுக்கு அது உறுத்தியிருக்க வேண்டும். 1947இல் வந்த தன் நினைவுக் குறிப்புக்கே ‘கொஞ்சம் ஃபோகஸ் தப்பியது’ என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். அவருக்கு அச்சேறிய ஒரு புத்தகம் இருந்தது, அதில் பதில் சொன்னார்.

பதில் சொல்ல இடமில்லாதவர்களின் படங்களும் உண்டு. ஜூலியா மார்கரெட் கேமரன் 1815இல் கல்கத்தாவில் பிறந்தவர். 48 வயதில் மகளும் மருமகனும் பரிசாகக் கொடுத்த கேமராவோடு தொடங்கி, இங்கிலாந்தில் பெரிய பெயர் எடுத்தார். அவர் படங்கள் பலவும் சற்றுக் கலங்கியவை. கண்ணாடித் தகட்டில் ஈரம் காய்வதற்குள் எடுக்க வேண்டிய முறை அது. எதிரே இருப்பவர் நிமிடக்கணக்கில் ஆடாமல் உட்கார வேண்டும், மூச்சு விட்டாலே படம் கலங்கும். ஃபோகஸ் பார்க்கத் தெரியாதவர் என்று ஆண் புகைப்படக்காரர்கள் கேலி செய்தார்கள். எது சரியான ஃபோகஸ் என்று சொல்ல யாருக்கு உரிமை என்று நண்பரான விஞ்ஞானி ஹெர்ஷெலுக்கு எழுதிய கடிதத்தில் கேட்டார். இந்தக் கேள்விக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. 1875இல் கேமரன், கணவருக்குக் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். அங்கே எடுத்தவற்றில் மிஞ்சியவை கொஞ்சம்தான். 1877இல் அங்கு வந்த ஓவியர் மரியான் நார்த்தைச் சால்வை போர்த்தி, தென்னோலைக்கு முன்னால் நிறுத்திப் படம் எடுத்தார். அந்தப் படத்தில் நார்த்தின் பெயர் இருக்கிறது. பட்ட அவதியை நார்த் தன் நினைவுகளில் கிண்டலாக எழுதியும் இருக்கிறார். அதே கேமரா முன்னால் வந்த ஊர் மக்களின் படத்துக்கு ‘களுத்துறைக் குடியானவர்கள்’ போன்ற குறிப்புதான் மிஞ்சியது. யார் பெயரும் இல்லை. இங்கிலாந்தில் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியரைத் திரும்பத் திரும்ப மாதாவாக உட்கார வைத்தவருக்கும் இதே பழக்கம்தான். ஆனாலும் ஹில்லியரின் பெயராவது நமக்குத் தெரிகிறது. யாருக்கு உரிமை என்று கேட்ட பெண், கேப்ஷன் என்று வந்தபோது தோட்டத்து முதலாளியின் மனைவியாகவே எழுதினார். ‘மேகமலையின் சிரிப்பு’ என்று எழுதிய நான் அவரைவிட எந்த விதத்தில் வேறு? என் குறிப்பிலும் பெரியம்மாவின் பெயர் இல்லை.

அந்த 39 படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவற்றைப் ‘போஸ்’ என்று தள்ளிவிட்டேனே, அன்றிரவு என் வீட்டில் அவர் அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். ஒன்றில் நிறுத்தினார். லயன் வீட்டு வாசலில் நிற்கும் படம். எனக்கு அது மற்ற எல்லாவற்றையும்விட விறைப்பாகத் தெரிந்த படம். “இதப் பெருசாப் போட்டுக் குடு” என்றார். தோட்டத்து வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். அவர் பீரோச் சேலையைக் கட்டியதும், வாசல் தெளித்ததும், நிலைப்படி முழுதாக விழும்படி என்னைப் பின்னால் போகச் சொன்னதும் அதற்காகத்தான். அவர் நின்றது தன் முகத்துக்காக இல்லை, வீட்டுக்காக. என்ன விழ வேண்டும் என்று யோசித்து எடுக்கச் சொன்ன படம் அது. என் போனில் எனக்கு ஆயிரம் இயல்பான படங்கள் இருக்கின்றன, அதனால் போஸ் எனக்குப் பொய்யாகத் தெரிகிறது. அவரிடம் கல்யாணப் படம் ஒன்று, பிறகு ரேஷன் கார்டு, பி.எஃப்., தோட்டத்து அட்டை. அவர் சொன்னபடி ஒரு படம் எடுக்கப்பட்டது அன்றுதான்.

அப்படியானால் கலங்கல் படத்தை இறக்கிவிட வேண்டுமா? கேட்டேன். “எதுக்கு? நல்லாத்தான இருக்கு. எழுத்த மாத்து” என்றார். மறுநாள் ஒரு மாணவி நோட்டோடு உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினாள். முதலில் தன் பெயர். அடுத்து எந்தக் காடு என்று நம்பரோடு. அது முக்கியம் என்றார், அந்தக் காட்டில் சரிவு அதிகம், அங்கே பறிப்பவளுக்குத்தான் தெரியும். எத்தனை வருடம் என்பதற்கு விரல் விட்டு எண்ணிப் பார்த்து, நடுவில் பிரசவத்துக்குப் போன மாதங்களைக் கழிக்கலாமா வேண்டாமா என்று யோசித்து, “கழிக்காத, அப்பவும் வேலைதான” என்றார். அவர் சொன்னபடியே பெயரை அங்கே சுவரில் எழுதினோம். இங்கே அச்சில் வேண்டாம் என்றார், அதனால் இல்லை. கடைசி வரி:

‘அக்கா மக காலுல அட்டை. நான் சத்தம் போடுறேன். கை பாட்டுக்கு ஓடுது.’

என் அம்மா அவருக்குத் தங்கை. ‘அக்கா மக’ இல்லை, ‘தங்கச்சி மக’ என்று நான் திருத்தப்போனேன். அந்த மாணவி என்னைத் தடுத்தாள். பெரியம்மாவிடமே வாசித்துக் காட்டினாள். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு, “ஆமா, தங்கச்சி மக” என்று தானே மாற்றினார்.