கோசலையின் முன் குகன் நின்றது போல

சென்ற வாரம் உபந்யாசம் முடிந்ததும் ஓர் இளைஞர் மேடையருகே வந்து ஒரு கேள்வி கேட்டார். வெளியூரில் வேலை, ஒரே அறையில் கூடத் தங்கியிருக்கும் நண்பனின் தாயாருக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள். அந்த அம்மாவை இவர் பார்த்ததே இல்லை. ஆனால் மாதம் தவறாமல் ஊரிலிருந்து வரும் பருப்புப் பொடியிலும் எலுமிச்சை ஊறுகாயிலும் இவருக்கும் ஒரு பங்கு உண்டு. "போன் பண்ணி என்ன சொல்றதுன்னு தெரியல சாமி. ஹாப்பி பர்த்டேன்னு சொல்லிட்டு அப்புறம் பேச்சே வராது" என்றார். இன்றைய பேச்சை அவருக்கான பதிலாகவே வைத்துக்கொள்கிறேன்.

நண்பனின் தாயை முதன்முதலாகச் சந்திக்கும் ஒருவனைக் கம்பர் நமக்குக் காட்டியிருக்கிறார். அயோத்தியா காண்டத்தில் கங்கை காண் படலம். இராமனைத் திரும்ப அழைத்துவரப் பரதன் வருகிறான். தாயர் மூவரும் உடன் வருகிறார்கள். குகனுக்கு இராமனைத் தெரியும், உயிருக்கு உயிராகத் தெரியும். இராமனைப் பெற்றவளைத் தெரியாது. கோசலையைப் பார்க்கிறான். இங்கே கம்பர் வைத்திருக்கும் வரிசையைக் கவனியுங்கள். முதலில் தொழுகிறான், அதன்பிறகுதான் பரதனைப் பார்த்து, இவர் யார் என்று கேட்கிறான். யாரென்று தெரிவதற்கு முன்பே கை குவிந்துவிட்டது. இராமனின் தாய் என்று பரதன் சொன்னதும் அவள் காலடியில் நெடுக விழுந்து அழுகிறான். ஒரு வார்த்தை பேசவில்லை.

நம் வழக்கமும் இதுதானே? வயதில் மூத்தவரைப் பார்த்து, "வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்" என்கிறோம். அதை மேடை அலங்காரமாக நினைக்காதீர்கள். பிறந்தநாள் அவர்களுடையது, ஆசி பெறுவது நாம். அறுபது நிறைந்து திருக்கடையூரில் மணிவிழா நடக்கும்போது பாருங்கள். கலச நீர் அபிஷேகம் ஆகி, மறுபடி திருமாங்கல்ய தாரணமும் ஆனபின், சிறியவர்கள் வரிசையாக வந்து நமஸ்கரித்து அட்சதை வாங்கிக்கொள்வார்கள். "நீங்க நூறு வருஷம் இருக்கணும்" என்பதைப் பெரியவர் யாராவது சொல்லட்டும். நீங்கள் "ஆசீர்வாதம் பண்ணுங்கம்மா" என்று கேளுங்கள். போனில் கேட்டாலும் அந்த அம்மா ஆசீர்வதிப்பார். பேச்சு வராது என்ற பயமும் அங்கேயே தீர்ந்துவிடும். ஏனென்றால் அடுத்துப் பேச வேண்டியது அவர்.

குகன் காலில் விழுந்து அழுததும் கோசலை கேட்ட கேள்வி, இவன் யார் என்பதே. குகன் பதில் சொல்லவில்லை, பரதன் சொல்கிறான். இராமனுக்கு இனிய துணைவன், எங்கள் மூவருக்கும் அண்ணன் என்று உறவு சொல்லி அறிமுகம் செய்கிறான். உடனே அந்தத் தாய் தன் துயரத்தை ஒதுக்கிவிட்டு, இவனையும் சேர்த்து நீங்கள் ஐவரும் ஒன்றாக இருந்து நெடுங்காலம் உலகைக் காக்க வேண்டும் என்கிறாள். பிள்ளைகள் நால்வர், ஐவர் ஆகிவிட்டார்கள். பரதன் பக்கத்தில் நின்று சொன்ன ஒரு வாக்கியத்தால் ஆனது இது. அதனால்தான் அந்த இளைஞரிடம், தனியாகப் போன் செய்யாதீர்கள் என்றேன். முதலில் நண்பன் தன் அம்மாவிடம் பேசட்டும். "அம்மா, என் ரூம்ல இருக்கானே, அவன் உன்கிட்ட பேசணுங்கறான்" என்று சொல்லிப் போனைக் கொடுக்கட்டும். முன்பின் தெரியாத எண்ணிலிருந்து திடீரென்று அழைப்பு வந்தால், வெளியூரில் பிள்ளையை விட்டிருக்கும் தாய்க்கு முதலில் வருவது பயம்தான்.

அழைக்கும் நாளையும் நண்பனிடமே கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களில் பலருக்குச் சான்றிதழில் இருக்கும் தேதி, பள்ளியில் சேர்த்த அன்று ஆசிரியர் கணக்குப் போட்டு எழுதியது. பல வீடுகளில் மாதமும் ஜன்ம நட்சத்திரமும் சேரும் நாளில்தான் கோயிலில் அர்ச்சனை செய்வார்கள். கைப்பேசி நினைவூட்டும் தேதியில் அந்த வீட்டில் விசேஷம் ஒன்றும் இல்லாமலே போகலாம். இன்னொன்றும் கேளுங்கள்: வீட்டில் சமீபத்தில் யாராவது தவறியிருக்கிறார்களா? துக்கம் நடந்த வருஷத்தில் பிறந்தநாள் கொண்டாடாத குடும்பங்கள் உண்டு. அங்கே நலம் விசாரித்தால் போதும்.

சரி, வணங்கியாயிற்று, அறிமுகமும் ஆயிற்று. பிறகு என்ன பேசுவது? வழியை வள்ளுவர் காட்டியிருக்கிறார். மக்கட்பேறு அதிகாரத்தின் கடைசி இரண்டு குறள்களையும் எடுத்துப் பாருங்கள். தன் மகனைச் சான்றோன் என்று பிறர் சொல்லக் கேட்கும் தாய், பெற்ற பொழுதைவிடப் பெரிதும் மகிழ்கிறாள். இவன் தந்தை என்ன தவம் செய்தானோ என்று ஊரார் சொல்லும்படி நடப்பதுதான் மகன் தந்தைக்குச் செய்யும் உதவி. இரண்டு குறளிலும் மூன்றாவதாக ஒருவர் தேவைப்படுகிறார். சொல்வதற்கு ஓர் ஆள் வேண்டும். மகன் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ள முடியாது; வெளியூரில் அவன் எப்படி இருக்கிறான் என்று தாய்க்குத் தெரியவும் தெரியாது. அந்த மூன்றாமவர் நீங்கள்தான். உங்கள் கையில் இருக்கும் பரிசும் அதுதான்.

அந்த இளைஞரிடம், உன் நண்பன் உனக்குச் செய்த ஒன்றைச் சொல் என்றேன். சற்று யோசித்து, "எனக்கு டெங்கு வந்தப்ப லீவு போட்டுக் கூடவே இருந்தான், கஞ்சி வச்சுக் கொடுத்தான்" என்றார். இதைத்தான் சொல்ல வேண்டும். "அம்மா, எனக்குக் காய்ச்சல் வந்தப்ப உங்க மகன்தான் கஞ்சி வச்சுக் கொடுத்தான். எங்க அம்மா பக்கத்துல இல்லைங்கிற குறையே தெரியல. நீங்க அனுப்புற பருப்புப் பொடியத்தான் நாங்க எல்லாரும் சாப்பிடுறோம். ஆசீர்வாதம் பண்ணுங்கம்மா." அரை நிமிஷம்கூட ஆகாது. "உங்கள் மகன் தங்கம்" என்று பொதுவாகப் புகழ்ந்தால் அது காதோடு போய்விடும். நடந்ததைச் சொன்னால், அந்த அம்மா அதைப் பக்கத்து வீட்டிலும் போய்ச் சொல்வார்.

எதைச் சொல்லக்கூடாது என்பதற்கு மறுபடி குகனிடம் போக வேண்டும். கைகேயியையும் அவன் பார்க்கிறான். இவர் யார் என்று கேட்கிறான். பரதன் தன் தாயையே கொதித்துக் கொதித்து ஏசி அறிமுகம் செய்கிறான். குகன் காதில் விழுந்தது மகன் வாயால் வந்த பழி. அதையெல்லாம் கேட்டுவிட்டு அவன் என்ன செய்தான்? அவளையும் தாய் என்றே கருதிக் கைகூப்பி வணங்கினான். அவள்முன் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

நண்பர்கள் ராத்திரியில் மனம்விட்டுப் பேசும்போது வீட்டுக் கதையெல்லாம் வரும். அப்பாவின் கோபம் வரும், கடன் வரும், சொத்துத் தகராறு வரும். நமக்கு வந்து சேர்வது ஒரு பக்கம் மட்டுமே. அதுவும் நம்மை நம்பிச் சொன்னது. "நீங்க பட்ட கஷ்டமெல்லாம் அவன் சொல்லியிருக்கான்மா" என்று பரிவாகச் சொன்னால்கூட, வீட்டு விஷயம் வெளியே போய்விட்டதே என்று அந்தத் தாய் கூசிப்போவார். பிறகு மகனிடம் அதைப் பற்றிக் கேட்பார். நண்பனுக்கும் உங்களுக்கும் நடுவே விரிசல் விழும். சாப்பாட்டைப் பற்றிச் சொல்லலாம், வளர்ப்பைப் பற்றிச் சொல்லலாம்; அந்த வீட்டின் துன்பத்தை அவர்களே எடுக்காதவரை நீங்கள் எடுக்காதீர்கள்.

இந்த மாதம் உங்கள் நண்பர் யாருடைய தாய்க்கோ தந்தைக்கோ பிறந்தநாள் வருகிறதா என்று இன்றைக்கே கேளுங்கள். வந்தால், அன்று காலை நண்பரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போன் செய்யுங்கள்.