நம்பிக்கையைக் குறியிடல்: நேர்காணல் பகுப்பாய்வில் ஓர் அறவினா

முன்னுரை

சமய நம்பிக்கை பற்றிய களஆய்வில், பிறர் தம் வாழ்வைக் குறித்துச் சொன்ன சொற்களைத் துண்டுகளாகப் பகுத்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயரிட்டு, அப்பெயர்களைத் தொகுத்து மையக்கருத்துகளை அமைப்பது ஆய்வாளரின் பணியாகும். பண்புசார் ஆய்வில் இது குறியிடல் எனப்படும். இதனை ஒரு நுட்பமாகவே ஆய்வுமுறை நூல்கள் பெரிதும் கற்பிக்கின்றன. எனினும் பெயரிடுதல் என்பது, சொன்னவரின் பொருளை ஏற்பதா மாற்றுவதா என்னும் முடிவையும் உள்ளடக்கியதாகும். ஒருவர் தம் செயலுக்குத் தாமே கூறும் காரணத்தை ஒதுக்கி வேறொரு காரணத்தை எழுத ஆய்வாளருக்கு உரிமை உண்டா? உண்டெனில் அவ்வுரிமையின் எல்லை யாது? ஆய்வேட்டின் ஓர் இயலுக்காகக் கையால் செய்யப்படும் குறியிடலை முன்வைத்து இவ்வினாவை இக்கட்டுரை ஆராய்கிறது.

நம்பிக்கை என்னும் சொல்

விளக்கத்தின் பொருட்டு ஓர் இயலைக் கருதிப் பார்க்கலாம். தில்லியில் வாழும் தமிழர் எண்மரிடம் ஒரு மணிநேர அளவில் நேர்காணல்கள் நிகழ்த்தப்பெற்றன எனக் கொள்வோம். ஒரு மணிநேரப் பேச்சு, வரி இடைவெளி விட்டு எழுதினால் ஏறத்தாழ இருபது பக்கங்களாகும். எட்டு நேர்காணல்களுக்கு நூற்றறுபது பக்கங்கள். ஒருவரே பலமுறை படித்துத் தம் கையால் குறியிடத் தக்க அளவே இது. பக்கத்தின் வலப்புறம் அகன்ற ஓரம் விட்டு, வரிகளுக்கு எண்ணிட்டு, பேச்சுவழக்கை மாற்றாமல் எழுத்துப்படி உருவாக்கப்பெறுகிறது.

குறியிடத் தொடங்கும் முன்னர் ஒரு சோதனை இன்றியமையாதது. நம்பிக்கை என்னும் சொல்லை ஒவ்வோர் எழுத்துப்படியிலும் முதலில் உச்சரித்தவர் யார் எனப் பார்த்தல் வேண்டும். ‘உங்களுக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா?’ என ஆய்வாளர் வினவ, ‘அதெல்லாம் உண்டு’ எனத் தகவலாளி விடையிறுத்திருந்தால், அச்சொல் ஆய்வாளருடையதே. அதனைத் தகவலாளியின் கருத்தாகக் குறியிடுவது தம் குரலின் எதிரொலியைச் சான்றாகக் கொள்வதற்கு ஒப்பாகும்.

தமிழில் இச்சிக்கல் கூடுதலானது. நம்பிக்கை என்பது கடவுள் உண்டு என்னும் கருத்தையும், ஒருவரைச் சார்ந்து நிற்றலையும், நாளை நல்லது நிகழும் என்னும் எதிர்பார்ப்பையும் ஒருங்கே சுட்டும். வில்பிரட் கேன்ட்வெல் ஸ்மித் 1979இல் வெளியிட்ட நூலில், ஒரு கருத்தை உண்மையெனக் கொள்ளுதலும் ஒருவர் தம்மை முழுமையாக ஒப்படைக்கும் வாழ்வுநிலையும் வெவ்வேறானவை என வாதிட்டார். அவர் ஆங்கிலத்தில் இரு சொற்களால் பிரித்துக்காட்டியதைத் தமிழ் ஒரே சொல்லில் அடக்கிவைத்துள்ளது. எனவே ‘நம்பிக்கை’ எனக் குறியிடப்பெற்ற துண்டுகளை ஒன்றாகச் சேர்த்தால், தம்முள் தொடர்பில்லாதவை ஒரே தலைப்பின்கீழ் வந்தமையும். சொல் ஒன்றாயிருப்பதைப் பொருள் ஒன்றாயிருப்பதாகக் கொள்ளும் பிழை இங்கேதான் பிறக்கிறது.

ஒரு பகுதியும் மூன்று குறிகளும்

மேற்கூறிய இயலில் மூன்றாம் தகவலாளி வீட்டுவேலை செய்யும் ஒரு பெண்மணி, கணவரை இழந்தவர். அவர் கூற்று வருமாறு:

“அவரு நல்லா எழுந்து வந்தா பால்குடம் எடுக்குறேன்னு ஆத்தாகிட்ட சொல்லியிருந்தேன். அவரு போயிட்டாரு. ஆனா நான் சொன்ன சொல்லு போகலையே. மறு வருசம் ஊருக்குப் போயி எடுத்தேன். எல்லாரும் என்னப் பைத்தியம்னாங்க.”

‘மனசு ஆறுச்சா?’ என ஆய்வாளர் வினவுகிறார். சற்று நேரம் பேசாதிருந்தபின், “அதுக்காக எடுக்கல” என்கிறார் அவர்.

இப்பகுதிக்கு முதல் வாசிப்பில் ‘நேர்த்திக்கடன்’ என்னும் குறி இயல்பாகத் தோன்றும். அது பிழையன்று, ஆயினும் பொருளைச் சொல்லாமல் பேசுபொருளை மட்டுமே சொல்கிறது. நேர்த்திக்கடனைக் கொடுக்கல் வாங்கலாகக் கருதும் பொதுவான புரிதல் இக்குறியுடன் சேர்ந்தே நுழைந்துவிடுகிறது. ஆனால் இங்கே கொடுக்கல் வாங்கல் நிறைவேறவில்லை. கணவர் பிழைத்தால் என்பதே நிபந்தனை, அவர் பிழைக்கவில்லை, எனவே கடனும் இல்லை. இருந்தும் அவர் அதனைச் செலுத்தியுள்ளார். பேச்சில் தருக்கத்தை மீறி நிற்கும் இவ்விடமே குறியிடுவோர் நின்று நோக்க வேண்டிய இடமாகும்.

இரண்டாவதாகத் தோன்றும் குறி ‘துயரைத் தாங்கும் உத்தி’ என்பது. உளவியல் நூல்களைப் பயின்ற ஆய்வாளருக்கு இது மிகவும் பொருத்தமாகத் தெரியும். ஆனால் இதனை ஆய்வாளர் வினாவாக முன்வைத்தபோது தகவலாளி வெளிப்படையாக மறுத்துள்ளார். மறுப்பு இடம்பெற்ற வரியை விடுத்து, அதற்கு முந்தைய வரிகளை மட்டும் வெட்டியெடுத்து ஒட்டினால் இக்குறி எவ்வித எதிர்ப்புமின்றி நிலைபெற்றுவிடும். கைமுறைக் குறியிடலில் துண்டுத்தாள்களைக் கத்தரிக்கும்போது இவ்விடர் எளிதில் நேர்கிறது. ஒவ்வொரு துண்டிலும் நேர்காணல் எண்ணையும் வரி எண்ணையும் எழுதுவதுடன், வினாவையும் விடையையும் பிரிக்காமல் வெட்டுவதே இதற்குக் காப்பாகும்.

மூன்றாவது குறி அவர் சொற்களிலிருந்தே எடுக்கப்பெறுவது: ‘சொன்ன சொல் போகாமை’. கேத்தி சார்மாஸ் தம் 2006ஆம் ஆண்டு நூலில், தொடக்கநிலைக் குறிகள் செயலைச் சுட்டுவனவாகவும், பங்கேற்பாளரின் சொந்தச் சொற்களுக்கு இடமளிப்பனவாகவும் அமைதலை வலியுறுத்துகிறார். இக்குறிக்கு மூலமான இரு வாக்கியங்களிலும் ‘போதல்’ என்னும் வினை வந்து, போன மனிதரையும் போகாத சொல்லையும் எதிரெதிரே நிறுத்துகிறது. எழுத்துப்படியில் ‘போயிட்டாரு’ என்பதை ‘காலமானார்’ எனத் திருத்தியிருந்தால் இவ்வெதிர்நிலை முற்றிலும் மறைந்திருக்கும்.

ஓர் இடம் மட்டும் தெளிவுபடாமல் எஞ்சுகிறது. பிறர் அவரைப் பைத்தியம் என்றது, நிபந்தனை தவறியபின்னும் கடன் செலுத்தியதாலா, கணவரை இழந்தபின் பால்குடம் எடுத்ததாலா? ஆய்வாளர் வினவவில்லை, எழுத்துப்படியும் விடை தரவில்லை. இதனை நினைவுக்குறிப்பில் பதிந்து மீண்டும் சென்று கேட்டல் வேண்டும். இயலாதாயின் திறந்தே விடுதல் வேண்டும். ஊகத்தால் நிரப்புதல் ஆகாது.

குறியிலிருந்து மையக்கருத்திற்கு

விர்ஜினியா பிரவுன், விக்டோரியா கிளார்க் ஆகியோர் 2006இல் வெளியிட்ட கட்டுரையில், தரவில் தோய்தல், குறியிடல், மையக்கருத்துகளைத் தேடல், அவற்றைச் சோதித்தல், வரையறுத்துப் பெயரிடல், எழுதுதல் என ஆறு நிலைகளை வகுத்தனர். மையக்கருத்துகள் தரவிலிருந்து தாமே முளைத்தெழுவதில்லை என்பதும், ஆய்வாளரே அவற்றை அமைக்கிறார் என்பதும் அவர்தம் துணிபு. பேசுபொருளின் தொகுப்பு வேறு, பொருளின் ஒருமைப்பாடு வேறு என்பதையும் அவர்கள் பின்னர் வலியுறுத்தினர்.

இவ்வேறுபாடு நம் இயலில் தெளிவாகப் புலப்படும். ‘நேர்த்திக்கடன்’ எனத் தலைப்பிட்டால் அதன்கீழ் வேண்டுதல் பற்றிய அனைத்தும் வந்து குவியும். ஆனால் அது எதையும் வாதிடாது. ‘சொன்ன சொல் போகாமை’ என்னும் குறியுடன் பிற நேர்காணல்களை ஒப்பிட்டால் வேறொன்று தென்படுகிறது. இராமகிருஷ்ணபுரம் மலைமந்திருக்கு வாரந்தோறும் செல்லும் ஓய்வுபெற்ற அலுவலர், போகாவிட்டால் “ஏதோ பாக்கி வச்ச மாதிரி இருக்கும்” என்கிறார். வேளாங்கண்ணி மாதாவிடம் வாக்களித்த செவிலியர் ஒருவர், அவ்வாக்கை மறந்த ஆண்டைக் குற்றவுணர்வோடு குறிப்பிடுகிறார். இளைஞர் ஒருவர் “சாமிக்காக இல்ல, அம்மாவுக்காகக் கும்பிடுறேன்” என்கிறார். இவர்களுள் எவரும் கடவுளின் இருப்பை நிறுவவோ மறுக்கவோ முற்படவில்லை. தாம் ஒருவருக்குக் கடமைப்பட்டிருப்பதையே பேசுகின்றனர். எனவே, ‘நம்பிக்கை என்பது பட்ட கடன், ஏற்ற கருத்தன்று’ என்னும் மையக்கருத்தை அமைக்க இடமுண்டு.

இந்நிலையில்தான் மையக்கருத்தைச் சோதிக்க வேண்டும். ஏழாம் தகவலாளி, கேட்டது கிடைக்காமையால் கோயிலுக்குச் செல்வதை விட்டவர். இது மையக்கருத்துக்கு முரணாகும். ஆனால் அவர், “இனி உனக்கும் எனக்கும் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்” என்கிறார். விலகலும் முன்னிலையில் ஒருவரை விளித்தே நிகழ்ந்துள்ளது; கருத்தைக் கைவிடுதலாக அன்றி உறவை முறித்தலாகவே அது சொல்லப்படுகிறது. இவ்வாறு இக்கூற்று மையக்கருத்தைத் திருத்தி விரிவாக்குகிறது. எட்டாமவரோ, “அதப் பத்தி நான் யோசிச்சதே இல்ல” என்கிறார். அவரையும் எவ்வாறேனும் உள்ளிழுக்க ஆய்வாளர் மனம் விழையும். அங்கே நிறுத்திக்கொள்ளல் வேண்டும். எல்லாவற்றையும் விழுங்கும் மையக்கருத்து எதனையும் விளக்குவதில்லை. எட்டாமவர் இதற்கு வெளியே நிற்கிறார் என இயலில் எழுதுவதே நேர்மையாகும்.

ஒருவரே குறியிடும் சிற்றாய்வில் இருவர் குறிகளை ஒப்பிட்டு உடன்பாட்டு விகிதம் காண்பது இயலாது. இவ்வகைப் பகுப்பாய்வுக்கு அது பொருந்துவதுமில்லை. மாறாக, இரண்டு வாரம் கழித்துக் குறியிடப்பெறாத படியொன்றை எடுத்து மீண்டும் குறியிட்டுப் பார்க்கலாம். முதல்முறை எளிதாகத் தோன்றிய குறி மறுமுறை தோன்றாவிடில், அது தரவால் தூண்டப்பெற்றதா, அன்றைய மனநிலையால் தூண்டப்பெற்றதா என ஆராய வேண்டும்.

உரிமையும் கடமையும்

விளக்கவியலில் இருவகை நோக்குகள் உண்டெனப் பால் ரிக்கூர் 1965இல் வெளியிட்ட நூலில் காட்டினார். ஒன்று, சொல்லப்பட்டதன் பொருளை மீட்டெடுப்பது. மற்றொன்று, சொல்லப்பட்டதன் பின்னே மறைந்திருப்பதை ஐயத்தோடு தேடுவது. இரண்டாவதை முற்றிலும் விலக்குதல் இயலாது. மனிதர் தம் செயலின் காரணங்களை முழுதும் அறிந்தவரல்லர். பால்குடம் எடுத்தது அப்பெண்மணிக்கு ஆறுதலும் தந்திருக்கலாம்.

எனினும் இரு நோக்குகளுக்கும் சமமான சான்றுப்பொறுப்பு இல்லை. தகவலாளியின் காரணத்தை மீட்டுரைப்பவருக்கு எழுத்துப்படியே சான்றாகும். அதனை மறுத்து வேறு காரணம் கூறுபவர், அம்மறுப்பை மேற்கோளாக முழுமையாகக் காட்டி, அதனையும் மீறித் தம் விளக்கம் ஏன் நிற்கிறது எனத் தனிச்சான்று தருதல் வேண்டும். ‘துயரைத் தாங்கும் உத்தி’ என்னும் குறிக்கு அத்தகு சான்று இங்கே இல்லை. அது ஆய்வாளர் கற்ற நூலிலிருந்து வந்தது. மேலும், தம் வாழ்வைச் சொல்ல இசைந்த ஒருவர், தம் சொல்லுக்கு நோய்க்குறிபோல் பெயரிடப்படுவதற்கும் இசைந்தவர் ஆகார்.

இதனால் ஆய்வாளர் தகவலாளியின் சமயநிலையை ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆத்தா அவ்வாக்கைக் கேட்டாளா என்பது இயலின் வினாவன்று. ‘கேட்டாள்’ என எழுதுவதும் ‘கேட்டதாக அவர் கற்பித்துக்கொண்டார்’ என எழுதுவதும் தரவைக் கடந்த கூற்றுகளே. ‘சொன்ன சொல்லுக்குக் கட்டுப்பட்டதாக அவர் உரைக்கிறார்’ என்பதே தரவுக்குள் நிற்பது.

முடிவுரை

குறியிடலின் செம்மையை அளக்க ஓர் எளிய அளவுகோலை இவ்வாய்வு முன்வைக்கிறது. எழுதி முடித்த இயலைத் தகவலாளிக்குப் படித்துக் காட்டினால் அவர் முடிவோடு உடன்படாமல் போகலாம். ஆனால் ‘நான் இதைத்தான் சொன்னேன்’ எனத் தம் சொல்லை அதில் அடையாளம் காண இயல வேண்டும். பிறர் பைத்தியம் என்றபோதும் தாம் கொடுத்த சொல்லைக் காத்த ஒருவரின் பேச்சைக் கையாளும் ஆய்வாளர், அப்பேச்சை அவர் சொன்னவாறே காத்தல் கடனாகும்.