தெரியாததற்கு எப்படிச் சாட்சி சொல்வது?

பள்ளிக்கூட விடுதியில் என் அறையில் தங்கியிருந்த நண்பர், கணக்காளர் வேலைக்கு நற்சான்றுக் கடிதம் கேட்டார். நான் எழுதிய பதில்:

"வ அலைக்குமுஸ்ஸலாம். ஒருவரைத் தனக்குத் தெரியும் என்று சாட்சி சொல்ல வந்தவரிடம் உமர் (ரலி) அவர்கள் விசாரித்ததாக ஓர் அறிவிப்பு உண்டு. அவருக்கு அண்டை வீட்டாரா, அவரோடு கொடுக்கல் வாங்கல் உண்டா, சேர்ந்து பயணம் போனீரா என்று கேட்டார்கள். மூன்றும் இல்லை. பள்ளிவாசலில் தொழப் பார்த்திருப்பீர், அவரை உமக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டார்கள்.

உன் குணம் எனக்குத் தெரியும். ஆனால் நீ எழுதிய பேரேட்டில் ஒரு பக்கம்கூடப் பார்த்ததில்லை. என் கடிதத்தை நம்பி ஒருவர் கல்லாவை ஒப்படைப்பார். முன்பு வேலை பார்த்த கடை முதலாளியிடம் கேள். குணத்தைப் பற்றி மட்டும் போதுமென்றால் இன்றே தருகிறேன்; அது விடுதிக்காலப் பழக்கம் என்பதையும் சேர்த்தே எழுதுவேன்."

நண்பருக்கு வருத்தம்தான்.